‘மீண்டும் முயலவும்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைமை மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் மாதத்தில் 11 நாட்கள் எங்கள் கிளினிக்கின் அன்றாடப் பதிவுகள் இரவு 9 மணிக்குள் வந்து சேரவில்லை, அதற்கு எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய குறிப்பாணை கிடைத்தது. இதே விஷயமாக இதற்கு முன் நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. நான்காவதையும் உறையில் போட்டு ஒட்டினால் அதுவும் அந்த மூன்றோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மற்றக் கிளைகளில் என்னைப் போன்ற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் படிக்கட்டும். அவர்கள் மேசையிலும் இதே குறிப்பாணை கிடக்கும் என்று நினைக்கிறேன்.

நான் பதிவு எழுத்தர். இந்த கிளினிக்கில் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேதாரண்யத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். காலையில் 9 முதல் 1 வரை, மாலையில் 4 முதல் 7 வரை டாக்டர் அம்மா பார்ப்பார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரையும் பிரஷரும்தான். 7 மணிக்குக் கடைசி நோயாளி போனபிறகு அன்றைய சீட்டுகளை ஸ்கேன் செய்து, பெயரும் மருந்தும் தட்டச்சான பட்டியலோடு சேர்த்து, உங்கள் தளத்துக்கு அனுப்புவது என் வேலை.

உங்கள் குறிப்பாணையில் ‘மின்தடையைக் காரணம் காட்ட வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. காட்டப் போவதில்லை. ஆனால் எங்கள் ஊர் மின்தடை எப்படிப்பட்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் மேலே படிக்க முடியாது.

இங்கே காற்றில்லாத பெருமழைக்குக் கரண்ட் போகாது, தூறலுக்குப் போகும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பத்தில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான்களின் மேல் நாள்தோறும் படிகிறது. காய்ந்த உப்பால் தொந்தரவு இல்லை. பொழுது சாய்ந்து பனி இறங்கும்போதோ மெல்லிய தூறல் விழும்போதோ அது ஈரமாகி, மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடுகிறது. உடனே துணைமின் நிலையத்தில் அந்த லைன் தானாகத் துண்டித்துக்கொள்ளும். பலத்த மழை என்றால் உப்பையே கழுவிவிடும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பகுதி வயர்மேன். அவருடைய மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை எங்களிடம்தான். லைன் விழுந்தால், துணைமின் நிலையத்தில் இருப்பவர் சில நிமிடம் பொறுத்து மறுபடி ஏற்றிப் பார்ப்பார். நின்றால் நிற்கும். இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி விழும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறரை மணியிலிருந்து எட்டரை மணி வரை எங்களுக்கு இந்தக் கண்ணாமூச்சிதான். உங்கள் பதிவேற்ற நேரமும் அதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் டாக்டர் அம்மா தன் கைக்காசில் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தார். 600 விஏ, உள்ளே ஒரு சிறிய பேட்டரி. கணினியும் திரையும் மட்டும் என்றால் புதிதில் இருபது நிமிடம் தாங்கியது. முதல் வாரமே அதில் லேசர் பிரின்டரையும் செருகிவிட்டேன். கரண்ட் போன நேரத்தில் ஒரு சீட்டை அச்சிடப் போக, யூபிஎஸ் ஒரு அலறு அலறிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிட்டது. லேசர் பிரின்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிரின்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றிய பிறகு கணினி அணைவது நின்றது. ஆனால் பதிவேற்றம் தோற்பது நிற்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இணையம் தரும் மோடம் டாக்டர் அம்மாவின் அறையில், மின்விசிறிக்குப் பக்கத்து பிளக்கில் இருந்தது. கணினி கண் விழித்திருந்து என்ன பயன்? அது பேசுகிற வாய் அடுத்த அறையில் மூடிக்கிடந்தது. மோடத்தையும் யூபிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தேன். கணினியோடு ஒப்பிட்டால் அது குடிக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை. கரண்ட் போனதும் மோடத்தின் விளக்குகளைப் பார்த்தேன். ஒரு கணம் `PON` பச்சையாக எரிந்தது. பிறகு அது அணைந்து `LOS` சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கியது. கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அக்கா, சிவப்பு என்றால் எங்கள் பக்கத்திலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். எங்கள் ஆபீஸ் பேட்டரி செத்து மூன்று மாதமாகிறது” என்றார். அவர் முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அது வேறு கதை.

இதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரண்ட் ஒரே ஒரு நொடி போய்வந்தாலும், அவர்கள் பெட்டி விழித்து, என் மோடம் அதைக் கண்டுபிடித்து, உங்கள் தளத்தில் மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைவதற்குள் எட்டு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் ஆகிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் இருக்குமா என்பது அந்தப் பீங்கானில் படிந்த உப்பைப் பொறுத்தது.

மிச்சமிருந்தது என் கைப்பேசி. அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து அனுப்பிப் பார்த்தேன். கரண்ட் போன நேரத்தில் ஊரில் எல்லா வீட்டு வைஃபையும் சேர்ந்து அணைகிறது. அத்தனை பேரும் ஒரே டவரின் மேல் ஏறுகிறார்கள். பகலில் பறக்கும் இணையம் அப்போது நொண்டும். ஒருநாள் வேகத்தை அளந்தேன்: மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு அரை மெகாபிட். 61 நோயாளிகள் வந்த நாளில் உங்கள் மென்பொருள் கட்டிக்கொடுக்கும் மூட்டை 40 எம்பி. அரை மெகாபிட் வேகத்தில் 40 எம்பி போய்ச் சேர கிட்டத்தட்ட 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தில் ஒரு நொடி இணைப்பு அறுந்தாலும் உங்கள் தளம் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். என் பழைய கைப்பேசியில் அழைப்பு வந்தால் இணையம் நின்றுவிடும். ஒருநாள் 93 சதவீதத்தில் அழைப்பு வந்தது. எடுத்தால் டாக்டர் அம்மா. “அனுப்பியாகிவிட்டதா?” என்று கேட்டார். “ஆகியிருக்கும் அம்மா” என்றேன். அவர் புரிந்துகொண்டு அதன்பின் அந்த நேரத்தில் அழைப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கரண்ட் போனால் மொய் எழுதுகிறவர் என்ன செய்வார்? எழுதிக்கொண்டிருந்த பெயரை முடித்து, அடியில் ஒரு கோடு போட்டு, பேனாவை மூடி வைப்பார். வெளிச்சம் வந்ததும் கோட்டுக்குக் கீழே அடுத்த பெயர். முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால் பந்தியில் இருப்பவர்கள் அவரை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் தளம் முதல் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மேல் கரையேறி, மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்த நாட்களில் இதே கிளினிக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதிவேடு எழுதியிருக்கிறேன். ஒரு நோயாளி விடுபடவில்லை. நான் அப்போது கெட்டிக்காரியாக இருந்தேன் என்று பொருளல்ல. கோடு போட இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பாதிவரை போனதையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருமுறை உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். பாதி வந்த கோப்பைத் திறக்க முடியாது என்றார் பேசியவர். அது உண்மைதான் என்று கல்லூரியில் கணினி படிக்கும் என் தங்கை மகனும் சொன்னான். நீங்கள் அனுப்பச் சொல்லும் `.zip` மூட்டையின் பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்குமாம். கடைசிப் பக்கம் வராவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதாம். அப்படியென்றால் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்கிறீர்கள் என்பதுதான் அவன் கேட்ட அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு எம்பி அளவில் நாற்பது துண்டாக்கினால், நொண்டும் டவரிலும் ஒரு துண்டு பதினாறு நொடியில் போய்விடும். எங்கள் ஊரில் எவ்வளவு மோசமான மாலையிலும் பதினாறு நொடி கிடைக்கும். இத்தனை துண்டு வந்துவிட்டது, பதினெட்டாவதிலிருந்து அனுப்பு என்று உங்கள் தளம் சொன்னால் போதும். அதுதான் கோடு.

அவன் இன்னொன்றையும் கவனித்தான். மூட்டையின் கனமெல்லாம் ஸ்கேன் படங்கள். யார் வந்தார், என்ன மாத்திரை, எத்தனை என்ற தட்டச்சுப் பட்டியல் 61 பேருக்கும் சேர்த்து 60 கேபிகூட இல்லை. ஒரு மூச்சில் போய்விடும். மறுநாள் காலை உங்களுக்கு உண்மையில் வேண்டியிருப்பது அந்தப் பட்டியல்தான். அதை முதலில் அனுப்பிவிட்டுப் படங்களை இரவு முழுக்க நிதானமாக அனுப்பலாம். ஆனால் உங்கள் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சை அவிழ்க்க எனக்கு வழியில்லை. என்னால் செய்ய முடிந்தது ஸ்கேனரை மாற்றுவது மட்டும்தான். 300 டிபிஐ வண்ணத்தில் இருந்ததை 150 டிபிஐ சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். 40 எம்பி ஏழு எம்பியானது. டாக்டர் அம்மாவின் கையெழுத்து அதிலும் படிக்க முடிகிறது (படிக்க முடியாதது 300-லும் படிக்க முடிந்ததில்லை). ஈசிஜி தாள்களை மட்டும் பழைய அளவில் வைத்திருக்கிறேன். அதன் சிறு கட்டங்கள் 150-இல் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மற்றக் கிளைக்காரர்கள் இதை இன்றே செய்யலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இதுவரை எழுதியது எல்லாம் தொந்தரவு. இனி எழுதப் போவதற்காகத்தான் மடலைத் தொடங்கினேன்.

அக்டோபர் 9. அன்று 61 பேர். ஸ்கேனரை நான் இன்னும் மாற்றவில்லை. 7:20-க்குக் கேபிள் இணையத்திலேயே அனுப்பத் தொடங்கினேன். பச்சைக் கோடு நகர்ந்து 100 சதவீதத்தைத் தொட்டது. ‘வெற்றி’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். கரண்ட் போனது. `LOS` சிவந்தது. திரையில் உங்கள் வாசகம் வந்தது:

`Upload failed. Please try again.`

சொன்னபடி கேட்டேன். கரண்ட் வந்து, இணையம் வந்து, 7:55-க்கு மறுபடி அனுப்பினேன். இந்த முறை ‘வெற்றி’ வந்தது. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, 8:10 பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் 8 அன்று ஓ.பி. எண் 2217 வந்தார். எழுபது வயதுக்கு மேலான பாட்டி. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து இன்னும் ஒரு மைல் உள்ளே தனியாக இருப்பவர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சர்க்கரை மாத்திரை, மாதத்துக்கு அறுபது. மருந்துக் கவுன்ட்டர் திரையில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு வரி விழுந்தது. அக்டோபர் 9 அன்று 120 மாத்திரை வாங்கியிருப்பதாகவும் டிசம்பர் 8 வரை தர வேண்டியதில்லை என்றும் காட்டியது. டாக்டர் அம்மா அன்று விடுப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண், “இரண்டு மாதத்துக்கு வாங்கியிருக்கிறீர்களே பாட்டி, வீட்டில் தேடிப் பாருங்கள்” என்றாள். திரையில் இருப்பதை அவள் மீற முடியாது.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் அதே சிவப்பு வரி இன்னும் பலருக்கு விழுந்திருக்கிறது. அவர்கள் சண்டை போட்டார்கள். ஒருவர் காலி அட்டைகளையே கொண்டுவந்து மேசையில் கொட்டினார். சண்டை போட்டவர்களுக்கு எப்படியோ மாத்திரை கிடைத்தது. பாட்டி சண்டை போடவில்லை. தனக்குத்தான் மறதி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அரிசி டின்னிலும் டிரங்குப் பெட்டியிலும் தேடியிருக்கிறார். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். சர்க்கரை 340. என்னைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, “தேடிவிட்டேன் தாயி, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை” என்பது.

அன்று மாலை என் காகிதப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதிவேட்டில் அக்டோபர் 9-க்கு 61 பெயர். உங்கள் தளத்தின் மாதக் கணக்கில் அதே நாளுக்கு 122. ஒரு ஆள் கூடக் குறைய இல்லாமல் இரட்டை.

என்ன நடந்திருக்கிறது என்று என் தங்கை மகன் தாளில் படம் போட்டுக் காட்டினான். நான் அனுப்பும்போது தோற்பதற்கு மூன்று விதம் உண்டு. ஒன்று, எதுவுமே போய்ச் சேரவில்லை. இரண்டு, பாதி போய் அறுந்துவிட்டது. மூன்று, முழுதும் போய்ச் சேர்ந்துவிட்டது, ‘கிடைத்தது’ என்று நீங்கள் திருப்பிச் சொன்ன சொல் மட்டும் என்னிடம் வரவில்லை. பதிவுத் தபால் சேர்ந்துவிட்டது, ஒப்புகை அட்டை வழியில் தொலைந்தது என்பது போல. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மூன்றுக்கும் ஒரே வாசகம்தான் வருகிறது. முதல் இரண்டில் மீண்டும் முயல்வது சரி. மூன்றாவதில் மீண்டும் முயன்றால் ஒரு கிழவியின் மாத்திரை இரட்டிக்கிறது.

இதை உங்கள் தளம் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். கண்டுபிடிக்க முடியாதபடி நீங்களே செய்திருக்கிறீர்கள் என்று அவன் காட்டினான். ஒவ்வொரு முறை நான் பொத்தானை அழுத்தும்போதும் உங்கள் மென்பொருள் அந்த மூட்டைக்கு ஒரு புதிய குறிப்பு எண் கொடுக்கிறது. என் கணினியில் அன்றைய தேதிக்கு இரண்டு எண்கள் இருந்தன:

```
09-10  19:20  TXN-88120  FAILED
09-10  19:55  TXN-88164  SUCCESS
```

ஒரே 61 பேர், இரண்டு எண்கள். உங்கள் பக்கத்தில் பார்த்தால் இரண்டு வெவ்வேறு மூட்டைகள். இரண்டையும் பிரித்து அடுக்கிவிட்டீர்கள். மொய் நோட்டில் ஒரே ஊர், ஒரே தகப்பன் பெயர், ஒரே தொகை அடுத்தடுத்த வரியில் வந்தால் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். எண்ணை மட்டும் பார்ப்பவர் நிமிர மாட்டார்.

இனி உங்கள் 11 நாட்களுக்கு வருகிறேன். அவை எந்த நாட்கள் என்று உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நவம்பர் 18 முதல் 29 வரை, நடுவில் ஒரு ஞாயிறு. கிளினிக் திறந்திருந்த ஒரு நாள்கூட விடுபடவில்லை. இத்தனை ஒழுங்காக எந்த மின்தடையும் வராது. அந்த 11 நாட்களில் நான்கு மாலைகளில் எங்களுக்குக் கரண்ட் போகவே இல்லை. ஆனாலும் நான் மாலையில் அனுப்பவில்லை. வேண்டுமென்றே அனுப்பவில்லை.

மாலையில் அனுப்பித் தோற்றால், அது மூன்றில் எந்த விதம் என்று அன்றிரவு எனக்குத் தெரிய வழியில்லை. உங்கள் தளத்தின் நாள் கணக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் புதுப்பிக்கப்படுகிறது. மறுநாள் காலையில்தான் என் கண்ணுக்கு வரும். அதனால் காலையில் அரை மணி முன்னதாக வந்து, 8:30-க்கு அனுப்புகிறேன். அந்த நேரத்தில் உப்பும் காய்ந்திருக்கும், கரண்டும் நிற்கும், கேபிளும் ஓடும். ‘வெற்றி’ வந்தால் சரி. வராவிட்டால் அன்றைக்கு மறுபடி பொத்தானைத் தொடுவதில்லை. அடுத்த நாள் காலைக் கணக்கைப் பார்த்து, அந்தத் தேதிக்குச் சுழியம் இருந்தால் மட்டும் மறுபடி அனுப்புகிறேன். உங்கள் பட்டியலில் இது ‘தாமதம்’ என்று சிவப்பில் விழுகிறது. விழட்டும். ஒரே மனிதரை இரண்டு முறை எழுதுவதைவிட, ஒரு முறை தாமதமாக எழுதுவது மேல் என்று முடிவு செய்தேன். டாக்டர் அம்மாவுக்கு இதை அன்றே சொல்லிவிட்டேன். இது என் விளக்கம். அலட்சியம் என்று நீங்கள் எழுதியிருந்த சொல்லை நான் ஏற்கவில்லை.

நிரந்தரமாக இப்படி ஓட்ட முடியாது என்பதும் தெரியும். தாமதமாக வந்தால் உங்கள் மருந்து இருப்புக் கணக்கு ஒருநாள் பின்தங்கும். நான் விடுப்பில் போனால் எனக்குப் பதில் உட்காருபவர் திரை சொல்கிறபடி ‘மீண்டும் முயல்வார்’. அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு நோயாளி வரிக்கும் எண்ணை அது பிறக்கிற இடத்தில், எங்கள் கணினியில், சீட்டுப் போடும் அந்த நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள். கிளை, தேதி, வரிசை எண் மூன்றும் சேர்ந்த எண்ணாக இருக்கட்டும். அனுப்பும்போது புதிதாக எண் போடாதீர்கள். பத்து முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு வரட்டும். அந்த எண் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இரண்டாவதைப் பேசாமல் ஒதுக்கிவிட்டு எனக்கு ‘வெற்றி’ என்றே சொல்லுங்கள். ‘ஏற்கெனவே உள்ளது, பிழை’ என்று சிவப்பில் போட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்தால் யாராவது பெயரை மாற்றி மறுபடி அனுப்பித் தொலைப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். டாக்டர் அம்மா சில நாட்களில் மாலையில் மருந்தளவைத் திருத்துவார். அப்போது அதே எண்ணில் வேறு விவரம் வரும். அதையும் நகல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டால் பழைய அளவே நின்றுவிடும். எண்ணும் ஒன்று, விவரமும் ஒன்று என்றால் ஒதுக்குங்கள். எண் ஒன்றாக இருந்து விவரம் வேறாக இருந்தால் நிறுத்தி, ‘இது திருத்தமா?’ என்று எங்களைக் கேளுங்கள்.

யூபிஎஸ் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம். கேபிள்காரத் தம்பிக்கு நீங்கள் பேட்டரி வாங்கித் தர வேண்டும் என்றும் கேட்கவில்லை. துண்டு துண்டாக வாங்கிக்கொள்வதும் பட்டியலை முதலில் வாங்கிக்கொள்வதும்கூட அடுத்த வருடம் ஆகட்டும். எண் மட்டும் உடனே வேண்டும்.

அது வரும்வரை, இந்த வாரத்திலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அக்டோபர் 9-இன் இரட்டை வரிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. நீக்கும் உரிமை கிளை எழுத்தருக்கு இல்லை. TXN-88120, TXN-88164 இரண்டும் ஒன்றே. ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள். நவம்பர் 17 அன்று டாக்டர் அம்மா தனியாகக் கையெழுத்திட்டு 2217-க்கு அறுபது மாத்திரை கொடுக்கச் செய்தார். அதையும் உங்கள் கணக்கு பழைய 120-உடன் கூட்டி, ஜனவரி 7 வரை அவருக்கு மாத்திரை இருக்கிறது என்று காட்டுகிறது. உண்மையில் அவருடைய மாத்திரை டிசம்பர் 17 காலையோடு தீரும். அன்று அவர் வருவார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அன்று பரீட்சை, அதனால் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பதிவு எழுத்தர்

பின்குறிப்பு: இன்று 58 பேர். மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை 8:30-க்கு வரும்.